சிவப்பு விளக்கு

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரம், ஒரு மாலைப் பொழுதில் நானும் அப்பாவும் ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குப் புறப்பட்டோம். அங்கே ஒரு தோட்டத்தில்தான் அப்பா முப்பது ஆண்டுகள் பால் லாரி ஓட்டினார். ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. தோட்டத்துக் கோயிலில் பெரியப்பா எங்களுக்காகக் காத்திருந்தார்.

சிம்மோரைத் தாண்டியதும் மழை பிடித்தது. சாலையில் தேங்கிய நீரில் வண்டி இறங்கி ஏறியபோது, முன்புறத்தில் 'கிறீச்' என்ற ஒலி எழுந்தது. உடனே மின்கலம் வடிவிலான சிவப்பு விளக்கு எரிந்தது.

"பேட்டரி போய்விட்டது போலிருக்கிறது, அப்பா," என்றேன்.

"சத்தத்தைக் கேட்டாயா, தம்பி? பெல்ட் வழுக்குகிறது. ஆல்டர்னேட்டர் சரியாகச் சுற்றவில்லை. அதனால் பேட்டரிக்கு மின்சாரம் ஏறவில்லை. முதலில் ஏர்கோனையும் வானொலியையும் நிறுத்து. என்ஜினை மட்டும் இப்போது நிறுத்தாதே. மறுபடியும் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்."

பிறகு வெப்பமானியைக் கவனிக்கச் சொன்னார். பல வண்டிகளில் நீர்ப் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. முள் சிவப்புப் பகுதியை நோக்கி ஏறினால், அந்த இடத்திலேயே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்திவிட வேண்டும். நல்லவேளையாக, முள் நடுவிலேயே நின்றது.

தோட்டத்துக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர்தான். "போய்விடலாமே," என்று என் மனம் சொன்னது. அப்பா கணக்குப் போட்டார். எங்கள் மின்கலம் 45 ஆம்பியர் மணி கொண்டது. விளக்கு, மழைத் துடைப்பான், என்ஜின் மூன்றும் சேர்ந்து 20 ஆம்பியர் இழுத்தால் இரண்டு மணி நேரம் வரும். ஆனால் அது புத்தகக் கணக்கு. மின்னழுத்தம் இறங்க இறங்க விளக்கு மங்கும். மின்கலம் காலியாகும் முன்பே என்ஜின் நின்றுவிடும். மின்கலம் பழையது என்றால் அரை மணி நேரத்தைக்கூட நம்ப முடியாது.

"செம்பனைக்கு நடுவில், இருட்டில், விளக்கில்லாமல் நின்றால் பின்னால் வரும் லாரிக்கு நாம் தெரியமாட்டோம்," என்றார்.

ஒரு கிலோமீட்டரில் இருந்த பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினோம். என்ஜினை அணைத்து, ஆறிய பிறகு கைவிளக்கில் பார்த்தேன். பெல்ட்டின் உட்புறம் கண்ணாடிபோல் பளபளத்தது. விரலால் அழுத்தியபோது இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியது. ஒரு சென்டிமீட்டர் அளவே இறங்க வேண்டுமாம். பெரியப்பா மகன் வந்து எங்களை அழைத்துச் சென்றான். பூசைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் பட்டறைக்காரர் பெல்ட்டை மாற்றி, இறுக்கம் வைத்தார். என்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் 14.1 வோல்ட் காட்டியது. புது மின்கலம் வாங்க நான் எடுத்து வைத்திருந்த பணம் பையிலேயே இருந்தது. கடந்த இரண்டு வாரங்களாகக் காலையில் வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் அதே 'கிறீச்' ஒலி கேட்டது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.