தொண்டை கட்டிய இரண்டு இரவுகள்

மகன் முதன்முதலாக நர்சரிக்குப் போன வாரம் அது. வயது இரண்டேகால். மாலையில் அழைத்துவரப் போனபோது, "இன்று கொஞ்சம் அழுதான்" என்றார் அங்கிருந்த பெண். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். காலையில் ஒரு மணி நேரம், மதியத் தூக்கத்துக்குப் பிறகு இன்னொரு மணி நேரம். அந்த நேரமெல்லாம் நான் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஸ்லைடு காட்டிக்கொண்டிருந்தேன். காரில் உட்காரவைத்ததும் "அப்பா" என்றான். குரல் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது.

வீட்டில் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். வீடியோவில் பார்த்த அம்மா, "கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்குடா, தேன் கொடு" என்றார். மனைவிக்கு அது போதவில்லை. "என்னங்க, 111க்குக் கூப்பிடுங்க." இங்கிலாந்தில் அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்கான எண் அது. சற்று நேரத்தில் ஒரு செவிலியர் திரும்ப அழைத்தார்.

குரலைப் பற்றிச் சொல்லத் தயாராக இருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. அழாமல் அமைதியாக இருக்கும்போது மூச்சை உள்ளே இழுக்கையில் சத்தம் வருகிறதா? எச்சிலை விழுங்குகிறானா, வாயோரம் வழியவிடுகிறானா? கழுத்தைத் திருப்புகிறானா? காய்ச்சல் உண்டா? கடைசியாக நாப்பி எப்போது நனைந்தது?

அவன் அப்போது தரையில் உட்கார்ந்து, குளிர்ந்த பாலைக் குடித்தபடி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். காய்ச்சல் இல்லை. நாப்பி ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் மாற்றியது.

அவர் விளக்கியது எளிமையானது. குழந்தை வீறிடும்போது குரல்நாண்கள் நொடிக்குச் சில நூறு முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. மணிக்கணக்கில் மோதினால் வீங்கும். வாய் வழியாக மூச்சுவிட்டே அழுவதால் தொண்டையும் காய்ந்துபோகும். வீக்கம் இரண்டு மூன்று நாளில் தானே வடியும். அடிக்கடி ஒரு வாய் தண்ணீரோ பாலோ கொடுத்தால் போதும். வலித்தால் அவன் வயதுக்கு 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாரசிட்டமால் சிரப் 7.5 மில்லி, குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில், நாளைக்கு நான்கு முறைக்கு மேல் கூடாது. தேனும் கொடுக்கலாம், ஒரு வயது தாண்டியவன் என்பதால். அம்மாவுக்கு அதில் பெருமை.

கடைசியாகச் சொன்னதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. "அழுகை காய்ச்சலைக் கொண்டுவராது. காய்ச்சல் வந்தால், அழுததால் தொண்டை வலிக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். வலித்ததால் அழுதானா என்று பாருங்கள்."

வியாழக்கிழமைக்குள் குரல் திரும்பிவிட்டது.

மூன்று வாரம் கழித்து மறுபடி கரகரத்த குரலோடு வந்தான். அன்றும் நர்சரியில் அழுதிருந்தான். காரணம் கையிலேயே இருந்ததால் நான் எதையும் தேடவில்லை. மூக்கு ஒழுகியதும், உடம்பு லேசாகச் சுட்டதும் தெரிந்தும் பால் கொடுத்துப் படுக்கவைத்தேன். மென்பொருளில் பழைய கோளாறு போலவே தெரிந்தால், லாக் பார்க்காமல் பழைய தீர்வைப் போடும் ஜூனியர்களை நான் திட்டுவதுண்டு.

இரவு ஒரு மணிக்கு நாய் குரைப்பது போன்ற இருமல். எழுந்து உட்கார்ந்தவன் மூச்சை இழுக்கும்போதெல்லாம் ஒரு கரடுமுரடான ஓசை. தோளில் போட்டுத் தட்டினோம், அழுகை நின்றது. ஓசை நிற்கவில்லை. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்தது. செவிலியரின் முதல் கேள்வி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அழும்போது எந்தக் குழந்தையின் மூச்சும் ஓசையிடும். அமைதியாக இருக்கும்போதும் ஓசை வந்தால், மூச்சுப்பாதை குறுகியிருக்கிறது. மனைவி 999ஐ அழைத்தாள்.

அவசரப் பிரிவில் மருத்துவர் அவனை என் மடியிலேயே இருக்கவிட்டார். நான் தொண்டைக்குள் டார்ச் அடித்துக் காட்டப் போனேன், தடுத்தார். குறுகிய பாதையில் குழந்தையைப் பயமுறுத்தி அழவைத்தால் அடைப்பு கூடும். வந்தது குரூப் என்றார். வாட்ஸாப்பில் இருப்பது அல்ல. வைரஸ் கிருமியால் குரல்நாணுக்குக் கீழே வரும் வீக்கம். டெக்ஸாமெத்தசோன் ஒரே ஒரு வேளை, வாய்வழியாக. சில மணி நேரத்தில் ஓசை அடங்கியது.

எச்சில் வழிய, விழுங்க முடியாமல், தலையை முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது என்றார். விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று இருமிக் குரல் மாறினால், எதையாவது விழுங்கியிருக்கலாம்; அதற்கும் உடனே வரவேண்டும். வேறு தொல்லையில்லாத கரகரப்பு இரண்டு மூன்று வாரம் தாண்டியும் போகாவிட்டால், சாவகாசமாகக் காட்டினால் போதும்.

விடியும்போது அனுப்பிவிட்டார்கள். கார் இருக்கையைப் பார்த்ததும் நர்சரி என்று நினைத்து வீறிட்டான். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, விம்மலுக்கும் விம்மலுக்கும் நடுவே அவன் மூச்சை இழுக்கும் சத்தத்தைக் கேட்டபடி நின்றேன்.