பெரியம்மாவின் ஒரு வரி ரசம்

பெரியம்மாவின் ரசக் குறிப்பு இவ்வளவுதான்: "புளி கரைச்சு பச்சை வாசனை போகக் கொதிக்கவிடு, பொடி போட்டுப் பருப்புத் தண்ணி ஊத்து, நுரைச்சதும் இறக்கித் தாளி."

வெளியூரில் வேலைக்குச் சேர்ந்து இப்போதுதான் சமைக்கத் தொடங்கியிருக்கும் அண்ணன் மகளுக்கு அதை விரித்து எழுதினேன்.

"சின்ன நெல்லிக்காய் அளவு புளியை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, இரண்டு டம்ளர் வருமாறு கரைத்து வடிகட்டிக்கோ கண்ணு. ஒரு தக்காளியைப் பிசைந்து போட்டு, மஞ்சள்தூள், உப்பு சேர்த்து மிதமான தீயில் வை. முதலில் மூக்கில் ஏறுகிற புளி வாடை வரும். பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். சந்தேகமாக இருந்தால் இன்னும் இரண்டு நிமிடம் விடு, ஒன்றும் கெட்டுவிடாது.

அப்புறம் ஒன்றரை டீஸ்பூன் ரசப்பொடி, வெந்த துவரம்பருப்பைக் கரைத்த தண்ணீர் ஒரு டம்ளர். இனி அடுப்பை விட்டு நகராதே. ஓரத்தில் நுரை கட்டும். அது நடுவரை பரவியதும், தளதளவென்று கொதிக்கும் முன்பே அணைத்துவிடு. கொதித்தால் மிளகு, சீரக மணம் ஆவியோடு போய்விடும். அப்படி ஆனாலும் கொட்டாதே. நெய்யில் சீரகமும் நுணுக்கிய மிளகும் தாளித்துக் கொட்டினால் ஓரளவு மீளும்."

புளி அடங்கியதைப் பெரியம்மாவுக்கு மூக்கும், இறக்கும் நேரத்தைக் கண்ணும் சொல்லிவிடும். புதிதாகச் சமைப்பவர்கள் தடுமாறுவது அந்த இரண்டு இடத்தில்தான். அங்கேதான் நிறைய எழுதினேன்.

பெருங்காயம், மல்லித்தழை எப்போது என்று கேட்டிருக்கிறாள். பெருங்காயம் தாளிப்பில், தழையை இறக்கியபின் கிள்ளிப் போட்டு உடனே மூடிவிட வேண்டும்.