லூயிஸ் எந்தப் பக்கம் நிற்கிறாள்?

தாயம் ஆடும்போதெல்லாம் நான் தம்பியை ஏமாற்றிக்கொண்டிருந்தேன், அவன் ஜெயிக்கிற மாதிரி. கட்டையை உருட்டுவது அவன். விழுந்த எண்ணைப் படித்துச் சொல்வதும் காயை நகர்த்துவதும் நான். மூன்று விழுந்தால் ஐந்து என்பேன். என் காய் அவன் காயை வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாமல் தாண்டிப் போய்விடுவேன். ஒரு நாள் கட்டையைத் தரையில் வைத்துவிட்டு அமைதியாகச் சொன்னான்: “அக்கா, நீ என்னோட ஆடல. எனக்காக ஆடற. இனிமே வேண்டாம்.”

அவனுக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோஸா. பத்தாவது படிக்கும்போது கரன்ட் போனால் மட்டும் தடுமாறுவான். பிறகு பக்கவாட்டுப் பார்வை குறுகிக்கொண்டே வந்தது. 29 வயதில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று வெளிச்சத்தை வைத்துச் சொல்வான், அவ்வளவுதான். ஒரு காலத்தில் வீட்டில் யாருக்கும் போனையே தராமல் கிரிக்கெட் கேம் ஆடியவன் அவன்.

போனைப் பொறுத்தவரை அவனுக்கு இப்போதும் சிரமம் இல்லை. விரல் படுகிற இடத்தையெல்லாம் டாக்பேக் வாசித்துச் சொல்லிவிடும். பேங்க் வேலை, வாட்ஸ்அப், ரயில் டிக்கெட் எல்லாம் அவனே பார்த்துக்கொள்வான். ஆனால் அந்தப் பழைய கிரிக்கெட் கேமைத் திறந்தால் டாக்பேக் “கேம் வியூ” என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு ஊமையாகிவிடும். காரணத்தை அவனேதான் எனக்கு விளக்கினான். சாதாரண ஆப்பில் ஒவ்வொரு பட்டனுக்கும் உள்ளே ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கும். டாக்பேக் அந்தப் பெயரைத்தான் வாசிக்கிறது. பெரும்பாலான கேம்கள் முழுத் திரையையும் ஒரே படமாக வரைந்துவிடுகின்றன. படத்துக்குள் இருக்கும் ‘ஸ்டார்ட்’ நமக்குத்தான் எழுத்து, டாக்பேக்குக்கு அங்கே எதுவுமே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் அவன் நண்பன் ஒருவன் ‘எ பிளைண்ட் லெஜண்ட்’ என்ற கேமைச் சொன்னான். பிரான்ஸில் டோவினோ என்ற நிறுவனம் 2015-ல் வெளியிட்டது. இதில் பார்க்க வேண்டிய காட்சி என்று எதுவும் கிடையாது. கதாநாயகன் எட்வர்ட் பிளேக் கண் தெரியாத வீரன். கடத்தப்பட்ட மனைவியை மீட்கப் புறப்படுகிறான். வழி காட்ட உடன் வருகிறாள் மகள் லூயிஸ். அவள் குரல் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் திரும்பி, விரலைத் திரையில் தள்ளி நடக்க வேண்டும். எதிரியின் காலடி இடப்பக்கம் கேட்டால் இடப்பக்கமாக விரலை வீசினால் வாள் வீச்சு. பேச்செல்லாம் ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு. தமிழ் இல்லை.

இறக்கிய அன்றே முதல் தடங்கல். அவன் விரலை வீசுவது கேமுக்குப் போய்ச் சேரவே இல்லை. டாக்பேக்குக்கும் விரல் வீச்சுதான் கட்டளை, கேமுக்கும் அதுதான். டாக்பேக் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் தானே வாங்கிக்கொண்டது. இந்த மாதிரி தானே பேசுகிற கேம் ஆட டாக்பேக்கை நிறுத்திவிட வேண்டும்: இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் நின்றுவிடும். கேமை விட்டு வெளியே வந்ததும் அதேபோல அழுத்தித் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும். அவன் போனில் அந்த ஷார்ட்கட் ஏற்கெனவே இருந்ததால் தப்பித்தோம்.

அதன் பிறகும் ஒரு வாரம் தோற்றான், முதல் சில நிமிடங்களைக்கூடத் தாண்ட முடியாமல். லூயிஸ் கூப்பிடுவாள், இவன் தப்பான பக்கம் போவான். “எனக்குக் காதும் போச்சு போலிருக்கு” என்று சிரித்தபடிதான் சொன்னான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் இயர்போனை நான் மாட்டிப் பார்த்தேன். லூயிஸ் பேசினாள். விரலால் திருப்பிக்கொண்டே வந்தேன். எவ்வளவு திரும்பினாலும் அவள் குரல் என் மண்டைக்கு நடுவிலேயே இருந்தது. இடமும் இல்லை, வலமும் இல்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன வருஷம் அவன் இயர்போனில் ஒரு பக்கம் வேலை செய்யாமல் போனபோது, பாட்டு முழுசாகக் கேட்கட்டும் என்று செட்டிங்ஸில் ‘மோனோ ஆடியோ’வைப் போட்டுக் கொடுத்தது நான்தான். அது இரண்டு பக்கச் சத்தத்தையும் கலந்து ஒன்றாக்கி இரண்டு காதுக்கும் ஒரே மாதிரி அனுப்பிவிடும். புது இயர்போன் வந்த பிறகும் அப்படியே கிடந்தது.

அதை அணைத்துவிட்டுக் கொடுத்தேன். லூயிஸ் ஒரு வார்த்தை சொன்னதும் அவன் கழுத்து சட்டென்று வலப்பக்கம் திரும்பியது. இயர்போன் மாட்டியிருக்கும்போது கழுத்தைத் திருப்பிப் பயனில்லை என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் திரும்பியது.

இந்த ஒலி வேலை செய்யும் விதமே வேடிக்கைதான். இடப்பக்கம் ஒருவர் கூப்பிட்டால் சத்தம் இடது காதை முதலில் தொடுகிறது. வலது காதுக்குப் போக ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் தாமதம்; தலை மறைப்பதால் கொஞ்சம் மந்தமாகவும் கேட்கும். மூளைக்கு அது போதும். பைனாரல் என்கிற முறையில் இந்த இரண்டு வித்தியாசங்களையும் அப்படியே இயர்போனுக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஒரே குறை, முன்னாலா பின்னாலா என்பதில்தான். நேர் எதிரே இருந்து வரும் சத்தமும் நேர் பின்னால் இருந்து வருவதும் இரண்டு காதையும் ஒரே நேரத்தில் தொடும். அதைப் பிரித்துச் சொல்வது நம் காதுமடலின் வளைவுகள், அவை ஆளுக்கு ஆள் வேறு. கேமில் இருப்பது யாருடைய காதோ! அதனால் குழப்பம் வரும். தம்பி அதற்கும் வழி கண்டுபிடித்தான். சந்தேகம் வந்தால் கொஞ்சம் இடப்பக்கம் திரும்புவான். குரல் வலது காதுக்கு நகர்ந்தால் அவள் முன்னால் இருக்கிறாள், இடது காதுக்கு நகர்ந்தால் பின்னால்.

சண்டைகளில் மட்டும் கொஞ்ச நாள் அடி வாங்கினான். அது ப்ளூடூத் இயர்போனின் கோளாறு. சத்தம் ஒரு நொடிப் பொழுது பிந்தி வந்தது. பாட்டுக் கேட்கும்போது அது தெரியாது. வாள் வீசும்போது தெரியும். ஒயர் வைத்த சாதா இயர்போன் வாங்கிய பிறகு சரியாயிற்று.

இப்போது அவன் என்னை ஆடச் சொல்கிறான். தொண்ணூறு ரூபாய்க்கு ஒரு ஜாக்கில் இரண்டு இயர்போன் செருகும் ஒய் கேபிள் வாங்கி வந்தேன். ஆளுக்கொன்று மாட்டிக்கொள்கிறோம். போன் என் கையில். நான் கண்ணைத் திறந்து வைத்திருந்தாலும் மூடிக்கொண்டாலும் ஒன்றுதான். கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு சுவரில் முட்டுகிறேன், செத்துப்போகிறேன், மறுபடி ஆரம்பிக்கிறேன். அவன் உதவ மாட்டான். நேற்று ஒரே இடத்தில் ஐந்தாவது தடவை செத்தபோது கேட்டேன்: “ஒரு தடவை சொல்லிக் குடுடா, இவ எங்கே நிக்கறா?”

“சொல்ல மாட்டேன்.”

“பாவம்டா நான்.”

“தாயம் ஆடும்போது யார் பாவம்?”

லூயிஸ் மறுபடி கூப்பிட்டாள். முன்னாலா, பின்னாலா? கொஞ்சம் இடப்பக்கம் திரும்பினேன். குரல் இடது காதுக்கு நகர்ந்தது. பின்னால்தான் நிற்கிறாள். திரும்பி நடந்தேன். பக்கத்தில் அவன் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளேயிருந்து அம்மா தோசை ஆறுகிறது என்று இரண்டாவது முறையாகக் கூப்பிட்டார். “இரும்மா, அக்கா இப்பதான் சரியான பக்கம் போறா!” என்று கத்தினான்.