பந்து வராத நேரத்தில் செய்யும் வேலை

சென்டர் ஃபார்வர்டாக ஆட ஆசைப்பட்டு வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவேன். தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் பந்து உன் காலில் இருக்கப் போவது மொத்தமாகக் கூட்டினாலும் ஓரிரு நிமிடம்தான். மிச்ச நேரம் நீ என்ன செய்கிறாய் என்பதைத்தான் நான் பார்ப்பேன். பையன்களுக்கு இது பிடிக்காது. கோல் அடிக்கத்தானே வந்தோம் என்று முகம் வாடிவிடும். ஆனாலும் இதைச் சொல்லாமல் அந்த இடத்தில் ஆடக் கற்றுக்கொடுக்க முடியாது.

அந்த இடத்தில் நிற்பவனுக்கு மூன்று வேலைகள். எதிரணியின் இரண்டு ஸ்டாப்பர்களையும், அதாவது இப்போது சென்டர் பேக் என்று சொல்கிறார்களே அவர்களை, நகர விடாமல் கட்டிப்போடுவது முதல் வேலை. பின்னால் இறங்கி வந்து நடுக்களத்தில் பந்து வாங்குவது இரண்டாவது. அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஓடுவது மூன்றாவது. முதல் வேலைதான் மற்ற இரண்டுக்கும் அடிப்படை. யாரும் கைதட்டாத வேலையும் அதுதான்.

கட்டிப்போடுவது எப்படி? இரண்டு ஸ்டாப்பர்களுக்கும் நடுவில், அல்லது ஒருவருடைய தோளை ஒட்டி, அவர்கள் வரிசையின் விளிம்பிலேயே நிற்க வேண்டும். பந்து இருபது முப்பது மீட்டர் தள்ளி இருக்கும்; உன் பக்கம் வரவே வராது. ஆனாலும் நீ அங்கே நிற்பதால் ஒருவர் முன்னேறினால் மற்றவர் தனியாக மாட்டிக்கொள்வார். அந்தப் பயத்தில் இருவருமே அசைய மாட்டார்கள். உன் ஒருவனால் இருவர் நடுக்களப் போரிலிருந்து விலகி நிற்கிறார்கள். அங்கே உன் அணிக்கு ஓர் ஆள் மிச்சம்.

கட்டுண்டிருக்கிறார்களா இல்லையா என்று அவர்கள் கால் பாதத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஸ்டாப்பரின் உடல் பாரம் குதிகாலில் விழுந்து, இடுப்பு பாதி தன் கோல் பக்கம் திரும்பி, அடிக்கொருதரம் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தால் அவர் பிடியில் இருக்கிறார். விரல் நுனியில் நின்று பந்தை நோக்கி இரண்டடி மூன்றடி முன்னால் வைக்கிறார் என்றால் உன் ஓட்டத்தைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. அப்போது நீ இறங்கி வந்தால் கூடவே வந்து முதுகில் மோதிப் பந்தைப் பறித்துவிடுவார். முதலில் அவருக்குப் பின்னால் ஒருமுறை ஓடிக் காட்டு. பந்து வராவிட்டாலும் சரி. அந்த ஒரு ஓட்டத்துக்குப் பிறகு அவர் இரண்டடி பின்வாங்கித்தான் நிற்பார். அந்த இரண்டடிதான் நீ இறங்கிப் பந்து வாங்கத் தேவையான இடம்.

இறங்குவதற்கும் நேரம் உண்டு. நடுக்கள ஆட்டக்காரன் பந்தை அடக்கித் தலை நிமிரும் தருணத்தில் புறப்பட வேண்டும். அதற்கு முன்பே வந்து நின்றால் உன்னோடு ஒரு தடுப்பாட்டக்காரனையும் அவன் மடியில் கொண்டுபோய் விட்டதாகும். வரும் வழியில் ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துக்கொள். பின்னால் ஆள் வந்தால் ஒரே தொடுதலில் பந்தைத் திருப்பிக் கொடு. அவர் விட்டுவந்த இடம் காலியாகக் கிடக்கும். வரவில்லை என்றால் திரும்பிக்கொள். களம் முழுவதும் உன் முன்னால் திறந்திருக்கும். ஸ்டாப்பருக்கு இரண்டும் நஷ்டம்.

1953 நவம்பர் 25 அன்று வெம்பிளியில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று வென்றபோது ஹிடெக்குட்டி செய்தது இதைத்தான். ஒன்பதாம் எண் சட்டை போட்டுக்கொண்டு அவர் பின்னால் இறங்கி ஆட, அவரைத் தொடர்வதா வரிசையில் நிற்பதா என்று இங்கிலாந்தின் ஸ்டாப்பர் ஹாரி ஜான்ஸ்டன் திண்டாடினார். முன்னால் புஷ்காஷும் கோசிஷும் இருந்தது அந்தத் திண்டாட்டத்தை இரட்டிப்பாக்கியது. ஹிடெக்குட்டி மூன்று கோல் அடித்தார்.

நம் காலத்தில் இதை மிகத் தெளிவாகக் காட்டிய ஆட்டம் 2020 செப்டம்பர் 20 அன்று சவுத்தாம்ப்டனில் நடந்தது. டோட்டன்ஹாம் 5-2 என்று வென்றது. சன் ஹியுங் மின் அடித்த நான்கு கோல்களுக்கும் பந்து கொடுத்தது ஹாரி கேன். ஐந்தாவதைக் கேனே அடித்தார். சவுத்தாம்ப்டன் தன் தடுப்பு வரிசையை வெகுதூரம் முன்னால், நடுக்கோட்டுப் பக்கமாக ஏற்றி வைத்து ஆடியது. முதல் கோலும் அவர்கள் அடித்ததுதான். முதல் பாதி முடியும் தறுவாயில் டோட்டன்ஹாமின் என்டோம்பெலே தன்னை நெருக்கிய ஆளை விட்டுத் திரும்பிக் கேனிடம் பந்தைச் சேர்த்தார். கேன் அதை வைத்துக்கொண்டு நிற்கவில்லை. சன் ஓடும் பாதையில் பின்வரிசையைத் தாண்டி அனுப்பினார். ஆட்டம் 1-1. இடைவேளை முடிந்து இரண்டு நிமிடத்துக்குள் அதே இருவர், அதே ஏற்பாடு, இரண்டாவது கோல்.

அந்த நாளில் கேனைவிட சன்னைப் பார்க்கச் சொல்வேன். கேன் இறங்கியதும் ஸ்டாப்பர்களைக் கட்டிப்போடும் வேலையைச் சன் ஏற்றுக்கொண்டார். வரிசைக்கு இணையாக நிற்பவன் ஆஃப்சைடு ஆகமாட்டான். தன் பாதியில் நிற்பவனுக்கு ஆஃப்சைடே கிடையாது. வரிசை அவ்வளவு மேலே நின்றால் ஓடுபவனுக்கு முன்னால் பாதிக் களம் கிடக்கிறது. பந்து கொடுப்பவரின் கால் பின்னுக்குப் போகும் கணத்தில் புறப்பட வேண்டும். நேராகப் பாயாமல் வரிசையை ஒட்டிச் சற்று வளைந்து ஓடினால், பந்தும் தெரியும், ஸ்டாப்பரின் காலும் தெரியும், வேகமும் குறையாது. அதற்கு முன்னால் பந்தை நோக்கி இரண்டடி வைத்து ஆளை இழுத்துவிட்டுப் பின்னால் பாய்வது நல்ல பழக்கம்.

அதே கேன் 2024 யூரோவில் இங்கிலாந்துக்காக இறங்கியபோது இந்தப் பலன் கிடைக்கவில்லை. அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. சுற்றி இருந்த ஃபோடன், பெல்லிங்காம் போன்றவர்களும் காலில் பந்து வாங்க விரும்புகிறவர்கள். எல்லோரும் பந்தை நோக்கியே வந்தால் பின்னால் ஓட யார் இருக்கிறார்கள்? ஸ்டாப்பர்கள் பயமில்லாமல் முன்னேறி வந்தார்கள். பெனால்டி பகுதியும் பல நேரம் காலியாகக் கிடந்தது.

களத்தில் நான் அடிக்கடி பார்க்கும் குறையும் இதுதான். பத்து நிமிடம் பந்து தொடாத பையனுக்குக் கை கால் பரபரக்கிறது. தன்னை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. பந்தைத் தொட்டால் போதும் என்று இறங்கி வந்து, பக்கவாட்டில் ஒரு பாஸ் கொடுத்து, மனசு ஆறுகிறான். அணிக்கு அந்த நிமிடத்தில் தேவைப்பட்டது அவன் மேலே நிற்பது. அவனைத் திட்டுவதில் பயனில்லை. எல்லைக்கோட்டுப் பக்கம் அழைத்து நிறுத்தி, அவன் இடத்தில் வேறொருவனை விட்டு, பந்தைப் பார்க்காமல் ஸ்டாப்பர்களின் பாதத்தை மட்டும் பார்க்கச் சொல்வேன். எப்போது குதிகாலில் சாய்கிறார், எப்போது முன்னால் அடி வைக்கிறார் என்று அவனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல, தான் சும்மா நின்றதாக நினைத்த நேரத்தில் இரண்டு பேரைப் பிடித்து வைத்திருந்தது அவனுக்கே தெரிந்துவிடும்.

அந்த 2024 யூரோவின் அரையிறுதியில் கேனுக்குப் பதிலாக ஓலி வாட்கின்ஸை 81-ஆம் நிமிடத்தில் இறக்கினார்கள். அவர் நெதர்லாந்து ஸ்டாப்பர்களை விட்டு விலகாமல் மேலேயே நின்றார். 90 நிமிடம் தாண்டியபோது பால்மர் தலை நிமிர, வாட்கின்ஸ் பெனால்டி பகுதிக்குள் நகர்ந்து, டி ஃப்ரேயை முதுகில் வைத்துப் பந்தை வாங்கித் திரும்பி, கோலின் தூர மூலைக்குத் தாழ்வாக அடித்தார்.