ஒரு ஸ்டார்

போன கிழமை இரவு பத்தரைக்கு வட்ஸப்பில் ஒரு செய்தி. அனுப்பியவன் என்னிடம் ஓ.எல். வரை தமிழ் படித்த பிள்ளை. இப்போது டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். மனைவியின் நகையை ஈடு வைத்துத் தொடங்கிய கடை. "சேர், இத ஒருக்கா திருத்தித் தாங்க, போடப் போறன்" என்று எழுதியிருந்தான்.

கூகுள் மேப்பில் அவன் கடைக்கு ஒருவர் ஒரு ஸ்டார் போட்டிருந்தார். "ஜும்ஆவுக்குப் பிறகு பிள்ளைகளோட போனோம். முக்கால் மணித்தியாலம் காத்திருந்தோம். புரியாணிக் கோழியில எலும்புக்குப் பக்கத்துல ரத்தம். முந்தநாள் கோழி. பிள்ளைர தட்டைத் தூக்கி ஒதுக்கி வச்சேன். கேட்டா கேஷியர் மூஞ்சக் காட்டுறான். இந்தப் பக்கம் யாரும் போகாதீங்க."

இவன் எழுதி வைத்திருந்த பதில் இப்படித் தொடங்கியது: "நீங்க எந்தக் கடைக்காரன் அனுப்பின ஆள் எண்டு எங்களுக்குத் தெரியும்."

திருத்த அதில் ஒன்றுமில்லை. போன் எடுத்தேன். "மகன், அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது?"

முதலில் கோபம்தான் வந்தது. கொஞ்ச நேரம் போக உண்மையும் வந்தது. அன்று முதல் கிடாரம் ஒன்றரை மணிக்கே முடிந்துவிட்டது. இரண்டாவதை அவசரமாக இறக்கியிருக்கிறார்கள். கேஷியர் சின்னப் பொடியன், சனத்தைக் கண்டு பதறிவிட்டான். கோழி மட்டும் அன்று காலை எடுத்ததுதான், பில் இருக்கிறது.

"ஆனா சேர், அது ரத்தமே இல்ல" என்றான். அதில் அவன் சொல்வது பெரும்பாலும் சரி. புரொயிலர் கோழி சில கிழமைகளிலேயே வளர்ந்துவிடும், எலும்பு அதற்குள் முற்றியிருக்காது. மச்சையின் சிவப்பு எலும்பு வழியே கசிந்து பக்கத்து இறைச்சியில் படியும், உறைய வைத்த கோழியில் இது கூடுதல். நன்றாக வெந்த துண்டிலும் இருக்கும். இதையெல்லாம் பதிலில் எழுதத் துடித்தான்.

"அண்டைக்கு ரெண்டாவது கிடாரத்துக் கோழி முழுக்க வெந்தது எண்டு சத்தியம் பண்ணுவியா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இல்ல சேர்."

அப்படியானால் அந்த விளக்கத்தை எழுத அவனுக்கு உரிமையில்லை. பிள்ளையின் தட்டை ஒதுக்கிய தகப்பனுக்கு அது பாடம் நடத்துவதாகத்தான் படும். நிறத்தைப் பார்த்து வெந்ததா வேகவில்லையா என்று சொல்ல முடியாதென்றால் கோக்கிக்கும் முடியாது. சமையல் வெப்பமானி ஒன்று வாங்கச் சொன்னேன். தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் முட்டாமல் குத்தினால் 74 பாகை காட்ட வேண்டும். அடுத்த நாளே வாங்கினான். பதிலை அதற்குப் பிறகுதான் எழுதினோம்:

"அஸ்ஸலாமு அலைக்கும். உங்களையும் பிள்ளைகளையும் முக்கால் மணித்தியாலம் காக்க வைத்தது எங்கள் பிழை. எங்கள் ஊழியர் நடந்துகொண்ட விதத்துக்கும் மன்னிப்புக் கேட்கிறோம், அவருடன் பேசியிருக்கிறோம். அன்று இரண்டாவது கிடாரத்தை அவசரமாக இறக்கினோம். நீங்கள் தட்டை ஒதுக்கியது சரி, எங்கள் பிள்ளையாக இருந்தாலும் அதையே செய்திருப்போம். இப்போது ஒவ்வொரு கிடாரத்திலும் கோழியை வெப்பமானியால் பார்த்த பிறகே பரிமாறுகிறோம். வெள்ளிக்கிழமைகளில் இரண்டாவது கிடாரத்தை அரை மணித்தியாலம் முந்தி ஏற்றுகிறோம். கோழி அன்று காலை எடுத்தது, பில்லைக் கடையில் பார்க்கலாம். கடை இலக்கத்துக்கு அழைத்தால் நானே பேசுவேன். – உரிமையாளர்"

பழைய கோழி என்ற குற்றச்சாட்டுக்கு ஒரே ஒரு வரி, அதுவும் கடைசிப் பக்கம். முதல் வரியிலேயே மறுத்திருந்தால் மிச்சத்தை யாரும் வாசிக்கமாட்டார்கள். அவர் யாரென்று இவனுக்குத் தெரியும், ஊர்தானே. இருந்தும் பெயரையோ யாரோடு வந்தார் என்பதையோ எழுதவில்லை. அந்தப் பதிலை வாசிக்கப் போவது அவரைவிட நாளைக்குச் சாப்பிட இடம் தேடுகிற இன்னொரு குடும்பம்தான்.

"இலவசமா ஒரு சவன் தாறன், ஸ்டார மாத்துங்க எண்டும் போடுவமா சேர்?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். சாப்பாடு கொடுத்து ரிவியூவை மாற்றச் சொல்வது கூகுளின் விதிக்கே முரண். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் ஒரு ஸ்டார் போடவும் கூடும்.

ரிவியூவைத் தூக்கச் சொல்லி முறையிடலாமா என்றும் கேட்டான். பொய்க் கணக்கு, கெட்ட வார்த்தை, மிரட்டல் என்றால் முறையிடலாம். கடுமையாக எழுதினார் என்பதற்காகத் தூக்கமாட்டார்கள். அந்த மனிதர் எழுதியதில் பெரும்பகுதி நடந்தது.

நாலாம் நாள் அவர் போன் எடுத்திருக்கிறார். பில்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் பொடியன வேலையில இருந்து நிப்பாட்டிப் போடாதீங்க" என்று மட்டும் சொன்னாராம். ஸ்டார் இன்னும் ஒன்றுதான் இருக்கிறது.