முப்பது இரவும் ஒரு பொலித்தீன் உறையும்

மெத்தை விளம்பரங்களில் எல்லாரும் நல்லாத்தான் தூங்குகிறார்கள். விடிய எழும்பிச் சிரிக்கவும் செய்கிறார்கள். எங்களிடம் முப்பது செக்கன் வானொலி விளம்பரம் எழுதக் கேட்டு வந்த கடைக்காரரிடம் இதைவிட உருப்படியான ஒரு விசயம் இருந்தது: “30 இரவு படுத்துப் பாருங்கோ, பிடிக்காட்டித் திருப்பித் தாங்கோ.”

எங்களுக்கு அது பிடித்துக்கொண்டது. மெத்தையைக் கடையில் வைத்து அறிய ஏலாது. கையால் அமத்திப் பார்ப்போம், ஆக்கள் பார்க்கினம் என்ற வெட்கத்தோடு இரண்டு நிமிசம் படுப்போம். சரிந்து படுக்கிறவருக்குத் தோள் அழுந்துகிறதா, விடிய நாரி நோகிறதா, புழுக்கமான இரவில் ஃபோம் சூடேறுகிறதா என்பதெல்லாம் வீட்டில்தான் தெரியும். அதுவும் முதல் இரவில் தெரியாது. புது ஃபோம் முதலில் இறுக்கமாக இருந்து பிறகு கொஞ்சம் இளகும். பழைய மெத்தைக்குப் பழகின உடம்புக்கும் சில நாட்கள் வேணும்.

“பத்து வருச வாரன்டி இருக்குத்தானே” என்று கேட்கலாம். வாரன்டி பொதுவாக மெத்தையின் பழுதுக்கு: நடுவில் குழி விழுந்தால், தையல் விட்டால். மெத்தையில் ஒரு பழுதும் இல்லை, ஆனால் எனக்கு ஒத்துவரவில்லை என்றால் வாரன்டி கைகொடுக்காது. அந்த இடத்துக்குத்தான் படுத்துப் பார்க்கும் காலம்.

எழுதத் தொடங்க முதல் கடையின் பில் புத்தகத்தைக் கேட்டு வாங்கினோம். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி: பொலித்தீன் உறை பிரிக்கப்பட்டால் மெத்தை திருப்பி எடுக்கப்படமாட்டாது. அப்படியென்றால் முப்பது இரவும் பொலித்தீனுக்கு மேல் வேர்த்து ஒழுகப் படுக்க வேணும். அது மெத்தையைப் பார்ப்பதல்ல, பொலித்தீனைப் பார்ப்பது.

“ஒராள் படுத்ததை அடுத்த ஆளுக்கு எப்பிடித் தம்பி விக்கிறது?” என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. இதே கேள்வி ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயிருக்கிறது. இணையத்தில் வாங்கிய மெத்தையின் பாதுகாப்பு உறையைப் பிரித்தாலும் வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று 2019 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. போட்டுப் பார்த்த உடுப்பைப்போல மெத்தையையும் சுத்தம் செய்து விற்கலாம், ஹோட்டல் மெத்தையில் எத்தனையோ பேர் படுக்கிறார்கள்தானே என்பது அவர்களின் வாதம். அந்தத் தீர்ப்பு இலங்கையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வியாபாரி வாங்குபவரைத் தவறாக வழிநடத்தக்கூடாது என்று எங்கட 2003 ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டமும் சொல்லுகிறது.

கடைசியில் ஒரு வழி வந்தது. பொலித்தீனைக் கழட்டலாம், பதிலாகக் கழுவக்கூடிய துணி மேலுறை ஒன்றைக் கடையே கொடுக்கும். திரும்பி வந்த மெத்தையைப் பாவித்தது என்று சொல்லியே குறைந்த விலைக்கு விற்கும். பிறகு நான்கு கேள்விகளுக்கு நேரான பதில் வாங்கினோம். நாள் எப்போதிருந்து எண்ணப்படும்? காசா, மாற்று மெத்தையா? லொறிக் கூலி யாருடையது? எப்போது எடுக்கமாட்டீர்கள்? பதில்கள்தான் ஸ்கிரிப்ட் ஆகின:

(மின்விசிறிச் சத்தம்)
அம்மா: தம்பி, உந்த மெத்தை என்ர நாரிக்கு ஒத்துவருமோ?
மகன்: படுத்துப் பாருங்கோம்மா. முப்பது இரவு தந்திருக்கினம்.
அம்மா: பொலித்தீனைக் கழட்டினா எடுக்கமாட்டினமே!
மகன்: கழட்டிப்போட்டுத்தான் படுக்கச் சொல்லுகினம்.
குரல்: மெத்தை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முப்பது இரவுகள். பத்து இரவாவது படுத்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் மெத்தைக் காசு முழுவதும் திரும்பும். லொறிக் கூலி உங்களுடையது. கறை பட்டால் எடுக்கமாட்டோம்.

கடைசி இரண்டு வசனங்களையும் வெட்டிவிட்டு “நிபந்தனைகளுக்கு உட்பட்டது” என்று வேகமாகச் சொல்லுவோமே என்றார் முதலாளி. நாங்கள் இரண்டையும் போனில் நேரம் பிடித்து வாசித்துக் காட்டினோம். மிச்சம் இரண்டு, மூன்று செக்கன்தான். அந்த மிச்சத்துக்காக, இருபதாவது நாள் கறை பட்ட மெத்தையோடு வாசலில் நிற்கிற ஒருவரோடு அவர் சண்டை பிடிக்க வேண்டியிருக்கும். வானொலியில் முதலே கேட்ட ஆளிடம் “சொன்னனாங்கள்தானே” என்று சொல்லலாம். யோசித்துவிட்டு, வசனங்கள் இருக்கட்டும் என்றார்.

பில்லின் பின்பக்கத்தையும் அதே சொற்களில் மாற்றி அச்சடிக்கச் சொன்னோம். வானொலியில் போனது காற்றோடு போய்விடும். திருப்பிக் கொடுக்க வருகிறவரின் கையில் இருக்கப்போவது பில் மட்டும்தான். நீங்கள் மெத்தை வாங்கப் போனாலும் அந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். பதிலைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.