பயறு தரும் வாய்வு

கொண்டைக்கடலை, மொச்சை, உளுந்து, காராமணி என எந்தப் பயற்றை எடுத்தாலும் அதில் ரஃபினோஸ் குடும்பத்தைச் சேர்ந்த சர்க்கரைகள் இருக்கும். காய்ந்த பயறு 100 கிராமில் பெரும்பாலும் 2 முதல் 8 கிராம் வரை. பயற்றின் வகைக்கும் விளைந்த நிலத்துக்கும் தக்கபடி கூடும், குறையும். சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து வயிறு உப்புவதற்கு முதல் காரணம் இந்தச் சில கிராம் சர்க்கரைதான்.

வீட்டில் காப்பிக்குப் போடும் சர்க்கரையில் குளுக்கோஸ் ஒன்றும் ஃபிரக்டோஸ் ஒன்றும் சேர்ந்திருக்கின்றன. அதன் குளுக்கோஸ் பக்கத்தில் கேலக்டோஸ் ஒன்று ஒட்டிக்கொண்டால் ரஃபினோஸ், இரண்டு ஒட்டினால் ஸ்டாக்கியோஸ், மூன்று என்றால் வெர்பாஸ்கோஸ். சோயாவில் ஸ்டாக்கியோஸ் மிகுதி. உளுந்திலும் பாசிப்பயற்றிலும் வெர்பாஸ்கோஸ் மிகுதி. செடி இவற்றை வீணாகச் சேர்த்து வைப்பதில்லை. விதை முற்றிக் காயும்போது அதன் செல்சவ்வுகள் சிதையாமல் காப்பதில் இவற்றுக்குப் பங்குண்டு. பிறகு ஈரம் பட்டு முளைவிடும்போது, விதை தானே ஒரு நொதியைச் சுரந்து இந்தச் சர்க்கரையை உடைத்து முளைக்கு உணவாக்கிக்கொள்கிறது.

ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் என்ற அந்த நொதி மனிதனின் சிறுகுடலில் சுரப்பதில்லை. பாலில் உள்ள லாக்டோஸிலும் கேலக்டோஸ் உண்டு. ஆனால் அங்கே பிணைப்பு வேறு விதம். பாலை உடைக்கும் நொதி ரஃபினோஸிடம் பலிக்காது. முழுச் சர்க்கரையாகக் குடல்சுவரில் உறிஞ்சப்படவும் அது பெரிய மூலக்கூறு. ஆகவே உணவின் மற்ற சத்துகளில் பெரும்பாலானவை வழியிலேயே இறங்கிக்கொள்ள, ரஃபினோஸ் ஏறக்குறைய சேதமில்லாமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேருகிறது. இந்தப் பயணத்துக்குச் சாதாரணமாக மூன்று நான்கு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். மாலை ஆறு மணிக்குச் சாப்பிட்ட சுண்டல் இரவு பத்து மணிக்கு மேல் வேலையைக் காட்டுவது இதனால்தான். சாப்பிட்டு எழுந்த உடனேயே வரும் ஏப்பமும் உப்புசமும் பெரும்பாலும் விழுங்கிய காற்று. அந்தப் பழியைப் பயற்றின் மேல் போடுவது நியாயமில்லை.

பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. மனிதனிடம் இல்லாத நொதி அவற்றில் பலவற்றிடம் உண்டு. ஆக்சிஜன் இல்லாத அந்த இடத்தில் அவை சர்க்கரையைப் புளிக்க வைக்கின்றன. அப்போது அசிட்டிக், புரோபியானிக், பியூட்டிரிக் அமிலங்கள் கிடைக்கின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்குப் பியூட்டிரிக் அமிலமே முக்கிய எரிபொருள். கூடவே ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் வெளிப்படுகின்றன. இவை இரண்டுக்கும் மணம் கிடையாது. நாற்றத்துக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள். மொத்த வாயுவில் அவை நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே வாய்வின் அளவு ஒரு கதை, நாற்றம் வேறு கதை. உண்டான ஹைட்ரஜனில் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாகவும் வெளியேறுகிறது. செரிக்காத சர்க்கரை பெருங்குடலை எட்டிவிட்டதா என்று மருத்துவர்கள் மூச்சுக்காற்றில் ஹைட்ரஜனை அளந்து கண்டறிவது இதை வைத்துத்தான்.

ஒரே பயற்றைச் சாப்பிட்ட இருவரில் ஒருவர் நிம்மதியாகத் தூங்க, மற்றவர் புரண்டு புரண்டு படுப்பது ஏன்? இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பத்துப் பேருக்கு வழக்கமான சாப்பாட்டோடு 200 கிராம் வேகவைத்த பீன்ஸ் கொடுத்து, 24 மணி நேரத்தில் வெளியேறிய வாயுவை அளந்தார்கள். 1991-ல் வெளியான அந்த ஆய்வில் மிகக் குறைந்த அளவு 476 மில்லிலிட்டர், மிக அதிகம் 1,491 மில்லிலிட்டர். ஒரே உணவுக்கு மூன்று மடங்கு வித்தியாசம். உண்டாகும் ஹைட்ரஜன் முழுவதும் வெளியே வருவதில்லை என்பது இதற்கு ஒரு பெரிய காரணம். மெத்தனோபிரெவிபாக்டர் என்னும் நுண்ணுயிர் சிலர் குடலில் குடியிருக்கிறது. அது நான்கு பங்கு ஹைட்ரஜனையும் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடையும் எடுத்துக்கொண்டு ஒரு பங்கு மீத்தேனைத் தருகிறது. ஐந்து பங்கு வாயு ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. பிஃபிடோபாக்டீரியாக்களோ ரஃபினோஸை விரும்பித் தின்றும் வாயுவே விடுவதில்லை. அசிட்டிக், லாக்டிக் அமிலங்களோடு நிறுத்திக்கொள்கின்றன. பயறு தொடர்ந்து கிடைத்தால் இவை பெருகும். புதிதாகப் பயறு சாப்பிடத் தொடங்கியவருக்கு முதல் வாரம் இருக்கும் தொல்லை, விடாமல் சாப்பிட்டால் சில வாரங்களில் தணிவதற்கு இது ஒரு விளக்கம். பயற்றின் வாய்வைப் பற்றிய பயம் உண்மையைவிடப் பெரியது என்றும் சொல்லலாம். அமெரிக்காவில் 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் அரைக் கப் காராமணி சாப்பிட்டவர்களில் முதல் வாரத்தில் வாய்வு கூடியதாகச் சொன்னவர்கள் 19 சதவீதம் பேர்தான்.

சமையலறையில் இந்தச் சர்க்கரையைக் குறைக்க நம்பகமான வழி தண்ணீர். ரஃபினோஸ் தண்ணீரில் கரையும், கொதியில் உடையாது. குக்கரில் எத்தனை விசில் வைத்தாலும் தண்ணீர் உள்ளேயே இருந்தால் சர்க்கரையும் ஏறக்குறைய அங்கேயே இருக்கும். 50 கிராம் கொண்டைக்கடலையில் 2 கிராம் இந்தச் சர்க்கரை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால், அதில் மூன்றில் ஒரு பங்கு போவதாகக் கொண்டாலும் மிச்சம் 1.3 கிராம் சொச்சம். புதுத் தண்ணீரில் வேகவைத்து அதையும் வடித்துவிட்டால் இன்னும் குறையும். ஆனால் சுண்டல் வடித்த தண்ணீரில் ரசம் வைக்கும் வீடுகள் பல. ருசிக்கு அது குறைவில்லை. இலையில் குறைந்த சர்க்கரை ரசக் கரண்டியில் திரும்பி வந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஊறவைக்கும்போது ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் பயறு சீக்கிரம் மிருதுவாகும்; அதோடு தயமின் என்னும் பி1 வைட்டமினும் வீணாகும். முளைகட்டுவது இதைவிட நல்ல வழி. ஓரிரு நாளில் விதையே தன் நொதியால் இந்தச் சர்க்கரையின் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது.

பெருங்காயம், பூண்டு, இஞ்சி, ஓமம் ஆகியவை ரஃபினோஸை உடைப்பதில்லை. அவை உதவுவதாக இருந்தால் அது குடல் தசையைத் தளர்த்தி, சேர்ந்த காற்றை நகர்த்திவிடும் வகையில்தான் இருக்க முடியும்.

வாயு அதிகமாவதும் வலிப்பதும் ஒன்றல்ல. எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்குக் குடல் நரம்புகள் கூடுதலாக உணரும். மற்றவர் கவனிக்கவே செய்யாத அளவு காற்று அவர்களுக்குச் சுருட்டிப் பிடிக்கும். அவர்கள் அளவைக் குறைத்து மெல்லக் கூட்டிப் பார்ப்பது நல்லது. எடை குறைவு, மலத்தில் ரத்தம், இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் எது ஒன்று சேர்ந்து வந்தாலும் பயற்றைக் காரணம் சொல்லிக் காத்திருக்கக் கூடாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இல்லாத நொதியை மாத்திரையாகவும் விற்கிறார்கள். ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையிலிருந்து எடுக்கும் ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் அது. முதல் வாய் உணவோடு எடுக்க வேண்டும். பயறு பெருங்குடலை எட்டிய பிறகு போட்டுப் பயனில்லை. கொதிக்கும் குழம்பில் சேர்த்தால் சூட்டில் செயலிழக்கும். உடைந்து வரும் கேலக்டோஸ் உடலில் சேர்வதால், பிறவியிலேயே கேலக்டோஸைக் கையாள முடியாதவர்கள் இதைத் தொடக் கூடாது. எல்லா வாய்வும் இதனால் நின்றுவிடாது. செரிக்காத மாவுச்சத்தும் நார்ச்சத்தும் பயற்றில் உண்டு. சாம்பாரில் போடும் வெங்காயத்திலும் ஃபிரக்டான் என்ற புளிக்கும் சர்க்கரைத் தொடர் இருக்கிறது. இந்த நொதி அவற்றைத் தொடுவதில்லை.